பதில் முடிந்த பிறகு வரும் அந்த ஏழு நொடி

ஸ்ட்ரெஸ் இன்டர்வியூ என்றாலே எல்லாருக்கும் மடக்குக் கேள்விகள்தான் நினைவுக்கு வரும். "உங்களை எதுக்கு எடுக்கணும்?", "இந்த மார்க்கை வெச்சுக்கிட்டு எந்த தைரியத்துல வந்தீங்க?" மாதிரி. அவற்றுக்குப் பதில் தயார் செய்துகொண்டு வருவார்கள், பெரும்பாலும் நன்றாகவே சொல்லியும் விடுவார்கள். மேஜையின் அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் பார்த்தது வேறு: ஆள் தடுமாறுவது கேள்வியில் இல்லை, பதில் முடிந்த பிறகு. எதிரில் இருப்பவர் தலையாட்டவில்லை, "சரி" என்று சொல்லவில்லை, சும்மா பார்க்கிறார். ஐந்து நொடி போகிறது, ஆறு, ஏழு. "அதாவது சார்..." என்று இவர் மறுபடி ஆரம்பிக்கிறார். யாரும் கேட்காத அந்த இரண்டாவது பதிலில்தான் முதல் பதில் சம்பாதித்ததெல்லாம் போய்விடுகிறது.

எனக்கே நடந்திருக்கிறது. படிப்பு முடித்துப் போன முதல் இன்டர்வியூ. கடைசி வருட புராஜெக்டில் என் பங்கு என்ன என்று கேட்டார்கள், ஒழுங்காகச் சொன்னேன். எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. "உண்மையைச் சொன்னா சார், என் ஃப்ரெண்டுதான் நிறைய பண்ணினான்" என்று சொல்லிவிட்டேன். அது உண்மைகூட இல்லை! பாதிக்கு மேல் நான்தான் செய்தேன். அந்த மௌனத்தை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்பதற்காக, கையில் கிடைத்த எதையோ எடுத்து அதன் மேல் போட்ட மாதிரி, அந்த வாக்கியம் தானாக வெளியே வந்தது. வேலை கிடைக்கவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் கேள்விப் பட்டியல் எதுவும் இருக்காது. அந்த ஏழு நொடியை எப்படிக் கடப்பது என்பது மட்டும்தான்.

முதலில், அது ஏன் இவ்வளவு வலிக்கிறது

சாதாரணப் பேச்சில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று மொழியியல் ஆய்வாளர்கள் பத்து மொழிகளில் அளந்து 2009இல் வெளியிட்டார்கள். மொழிக்கு மொழி கொஞ்சம் மாறினாலும் பொதுவாக அது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. அதாவது கண் இமைக்கும் நேரம். வாழ்நாள் முழுக்க இந்த வேகத்துக்குப் பழகிய காதுக்கு, இரண்டு நொடி தள்ளிப்போனாலே ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று தோன்றும். வீட்டில், நண்பர்களிடம், அந்தச் சந்தேகம் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும், ஏனென்றால் அங்கே தயங்கி வரும் பதில் என்றால் அநேகமாக "இல்லை" என்றுதான் பொருள். இன்டர்வியூ அறையில் அந்தக் கணக்கு செல்லாது. ஆனால் உடம்புக்கு அது தெரியாதே.

இன்னொரு விஷயம் தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் மன அழுத்தத்தை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு தேவை இருந்தது: ஆரோக்கியமான ஒருவருக்கு, அடிக்காமல் திட்டாமல், பரிசோதனைக் கூடத்தில் நம்பகமாக அழுத்தத்தை உண்டாக்க வேண்டும். 1993இல் அவர்கள் வெளியிட்ட முறை என்ன தெரியுமா? ஒரு போலி இன்டர்வியூ. உணர்ச்சி காட்டாத முகத்தோடு சிலர் உட்கார்ந்திருப்பார்கள், வேலைக்கு விண்ணப்பித்தவர் போல நீங்கள் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நடுவில் நிறுத்தினால் "இன்னும் நேரம் இருக்கிறது" என்று மட்டும் சொல்வார்கள், மறுபடி நிறுத்தினால் இருபது நொடி ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார்கள். அப்புறம் 1022இலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்கள், தப்பு வந்தால் முதலிலிருந்து. இதைக் கடந்தவர்களின் உமிழ்நீரில், அழுத்தத்தின்போது உடம்பில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு தெளிவாக ஏறியது. இன்றும் அந்த முறை உலகம் முழுக்க ஆய்வுக் கூடங்களில் பயன்படுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் குழுவினருக்கு எதிரில் நிற்பவர் மேல் எந்த அபிப்பிராயமும் கிடையாது. நன்றாகப் பேசினாலும் அதே முகம், உளறினாலும் அதே முகம். அப்படி இருக்கத்தான் அவர்களுக்குப் பயிற்சி. நீங்கள் பார்க்கப்போகும் முகமும் பல நேரம் அந்த வகைதான். அதில் உங்கள் மார்க் எழுதியிருக்காது, படிக்க முயல்வது வீண்வேலை.

எதிரில் இருப்பவர் உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறார்

பெரும்பாலும் எழுதுகிறார். ரொம்ப இடங்களில் இப்போது எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தாளில் மதிப்பெண் என்ற முறை. அதில் உட்காருபவரிடம் "தலையாட்டாதீர்கள், 'வெரி குட்' சொல்லாதீர்கள், ஒருவருக்குச் சிரித்து இன்னொருவருக்குச் சிரிக்காமல் இருந்தால் அது பாரபட்சம்" என்றே சொல்லி அனுப்புவார்கள். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வந்த பையன் நண்பனிடம் "செம கடுப்பான ஆளு" என்று சொல்வது காதில் விழுந்தது. அவனுக்கு நான் போட்ட மதிப்பெண் அன்றைக்கு இருந்ததிலேயே அதிகம்.

சில நேரம் வேண்டுமென்றேதான் மௌனம் காக்கிறார்கள். பேனா கீழே இருக்கும், கண் உங்கள் மேல் இருக்கும், நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்ட அறிகுறியும் இருக்காது. வாடிக்கையாளர் கத்தும்போது நிற்க வேண்டிய வேலை, பேரம் பேசும் வேலை, புலனாய்வு மாதிரி வேலை என்றால் இதற்கு ஒரு நியாயமாவது இருக்கிறது. மற்றபடி எங்கேயோ படித்துவிட்டுச் செய்து பார்க்கிறவர்களும் உண்டு, அதை நான் மதிப்பதில்லை. மூன்றாவது வகை, காலையிலிருந்து பதினொரு பேரைப் பார்த்துக் களைத்துப்போனவர். அவருக்கு உங்கள் மேல் கோபமும் இல்லை, உத்தியும் இல்லை, தலைவலிதான்.

இது மூன்றில் எது என்று கண்டுபிடிக்க வேண்டாம். நான் இவ்வளவு தூரம் சொன்னதே, கண்டுபிடிக்கத் தேவையில்லை என்று சொல்லத்தான். மூன்றுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

பதிலை வினைமுற்றில் முடியுங்கள்

மௌனத்தைச் சமாளிக்கும் வேலை மௌனம் வருவதற்கு முன்னாலேயே, பதிலின் கடைசி வாக்கியத்தில் தொடங்குகிறது. நாம் பேசும்போது ஒரு பழக்கம் உண்டு, பதிலை முடிக்காமல் தொங்கவிடுவது. "...எல்லாம் செஞ்சிட்டு...", "...அதனால வந்து...", "...அந்த மாதிரி சார்". எச்சத்தில் நின்றால் கேட்பவருக்கு இவர் இன்னும் பேசுவார் என்று தோன்றும், அவர் காத்திருப்பார். உங்களுக்கோ பேசி முடித்த நினைப்பு. இரண்டு பேரும் அடுத்தவருக்காகக் காத்திருக்கிறீர்கள், அதை நீங்கள் கடுமை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். பாதி மௌனங்கள் இப்படி உண்டானவைதான் என்பது என் அனுமானம்.

ஆகவே கடைசி வாக்கியத்தை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். "செஞ்சேன்", "கத்துக்கிட்டேன்", "அதுதான் காரணம்" என்று முற்றில் முடியட்டும், குரல் அந்த இடத்தில் கீழே இறங்கட்டும். "அவ்வளவுதான் சார்...?" என்று கேள்வி மாதிரி மேலே ஏற்றி முடிக்காதீர்கள், அது "சரியாச் சொன்னேனா?" என்று கெஞ்சுவதாகக் காதில் விழும். பதில் முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒப்பிப்பது போல இருக்கும், ஆனால் கடைசி வாக்கியம் ஒன்று தயாராக இருந்தால் நடுவில் எப்படிச் சுற்றினாலும் வந்து இறங்க ஒரு இடம் இருக்கும்.

நிறுத்திய பிறகு உடம்பை என்ன செய்வது

வாயை மூடுங்கள். உண்மையாகவே, உதடு சேர்ந்திருக்கட்டும். பாதி திறந்த வாய் அடுத்த வார்த்தைக்குத் தயாராக நிற்கும், ஒரு நொடி கவனம் தப்பினால் "அதாவது" வந்துவிடும்.

அப்புறம் மூக்கு வழியாக மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது தானாக நடக்கும். மூச்சை விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் தணியும், இழுக்கும்போது கொஞ்சம் ஏறும். அதனால்தான் பதற்றத்தில் ஆழமாக இழுத்து மார்பை நிரப்பி வைத்துக்கொள்பவருக்குப் பதற்றம் குறைவதில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டு, இயல்பாக இழுத்து, இன்னொரு முறை நீளமாக விட்டால் கிட்டத்தட்ட ஏழெட்டு நொடி ஆகிவிடும். கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், மூச்சுதான் கடிகாரம்.

கண்ணை எங்கே வைப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்தால் அவர் கையையோ தாளின் மேல் விளிம்பையோ பாருங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல். அவர் உங்களையே முறைத்தால் புருவங்களுக்கு நடுவில் பாருங்கள், அவருக்கு வித்தியாசம் தெரியாது. அதுவும் முடியவில்லை என்றால் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். ஆனால் கை நடுங்கும் என்று தெரிந்தால் டம்ளரைத் தொடவே வேண்டாம், நடுக்கத்தை நீங்களே பார்த்துவிட்டால் அது இரட்டிப்பாகும்.

ஒரே ஒரு வாக்கியம்

இரண்டு மூச்சு முடிந்தும் அவர் பேசவில்லை என்றால் ஒரு வாக்கியம் சொல்லலாம். ஒன்றுதான். "இதுல எந்தப் பகுதியை விரிவாச் சொல்லணும் சார்?" அல்லது "இதைப் பத்தி வேற ஏதாவது தெரியணுமா மேடம்?" அவ்வளவு. "நான் சொன்னது சரியா?" என்று கேட்காதீர்கள், அது மதிப்பெண் கேட்பது, கொடுக்க மாட்டார்கள். விரிவாக்கம் வேண்டுமா என்று கேட்பது பந்தை அவர் பக்கம் தள்ளிவிடுவது. அதற்கும் அவர் பேசாவிட்டால் நீங்கள் மறுபடி பேச வேண்டிய கடமை இல்லை. இனி வரும் மௌனம் அவருடையது, அவர் பாடு. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

படிக்கும்போது இது எளிதாகத் தெரியும். ஒரு உதாரணத்தில் பார்ப்போம். நான் உட்கார்ந்த சில இன்டர்வியூக்களைக் கலந்து, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியது.

கணக்குப் பிரிவு வேலைக்கு ஒரு பெண் வருகிறார். முந்தைய வேலையை எட்டு மாதத்தில் விட்டிருக்கிறார். எதிரில் இருப்பவர் ரெஸ்யூமேயைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்கிறார்:

"எட்டு மாசத்துல ஓடி வந்திருக்கீங்க. இங்கேயும் அதே கதைதானே?"

"எட்டு மாசத்துல விட்டது உண்மைதான் சார். கணக்குச் சரிபார்க்கிற வேலைன்னு சேர்ந்தேன், ஆனா எனக்குக் கொடுத்தது பில்லைப் பார்த்து டைப் பண்ற வேலை. மூணாவது மாசமும் ஆறாவது மாசமும் எழுதிக் கேட்டேன், மாத்தித் தரலை. முறையா நோட்டீஸ் கொடுத்துட்டு விலகினேன். அதனாலதான் இங்க முதல் ஆறு மாசம் என்ன வேலைன்னு கேட்டுட்டு, அப்புறம்தான் ஒத்துக்குவேன்."

நல்ல பதில். உண்மையை ஒப்புக்கொள்கிறார், காரணத்தைச் சொல்கிறார், செய்ததைச் சொல்கிறார், கடைசியில் ஒரு நிபந்தனைகூட வைக்கிறார். "ஓடி வந்தேன்" என்ற வார்த்தையைத் திருப்பிச் சொல்லாமல் "விட்டது" என்று மாற்றிக்கொண்டதையும் கவனியுங்கள். கேள்வியில் இருக்கும் குத்தலான சொல்லை நாம் எடுத்து மறுத்தால்கூட ("நான் ஓடி வரலை சார்!") அந்தச் சொல்தான் அறையில் மிஞ்சும்.

இப்போது மௌனம். நாலு நொடி, ஐந்து. தயாராகாதவர் என்றால் இப்படிப் போகும்:

"அதாவது சார்... அந்த மேனேஜருக்கும் எனக்கும் கொஞ்சம் ஒத்துப்போகலை. அதுவும் ஒரு காரணம். ஆனா இங்க அப்படியெல்லாம் இல்லை சார், எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்."

மூன்றே வாக்கியம். முதல் வாக்கியம் ஒரு புதுக் காரணத்தைக் கொண்டுவந்தது. அப்படியென்றால் முதலில் சொன்னது முழு உண்மை இல்லையா என்ற சந்தேகத்தை இரண்டாவது கிளப்பியது. மூன்றாவது, தானே வைத்த நிபந்தனையைத் தானே எடுத்துவிட்டது. எதிரில் இருப்பவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் இப்போது பேனாவை எடுக்கிறார், எழுதுவது முதல் பதிலை அல்ல.

அதே இடத்தில் தயாராக வந்தவர்:

(இரண்டு மூச்சு.) "இதுல எந்தப் பகுதியை விரிவாச் சொல்லணும் சார்?"

"வேண்டாம். எனக்கு இந்தப் பதில் திருப்தியா இல்லை."

"சரி சார். நான் விட்டது உறுத்துதா, விட்ட விதமா?"

"விட்டதுதான். எட்டு மாசம் பொறுத்தவங்க இன்னும் நாலு மாசம் பொறுத்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம் சார். ஒரு வருஷ அனுபவம்னு எழுதியிருக்க முடியும். ஆனா அந்த ஒரு வருஷத்துல கணக்கு வேலை தெரிஞ்சிருக்காது. அதனால விட்டேன்."

மறுபடி மௌனம், இந்த முறை இன்னும் நீளம். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு நொடிக்குப் பிறகு எதிரில் இருப்பவர் பக்கத்தைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போகிறார். பாராட்டு வரவில்லை, சிரிப்பு வரவில்லை. வராது. பக்கம் புரண்டதே போதும்.

"திருப்தியா இல்லை" என்று சொன்னால் பின்வாங்குவதா, நிற்பதா

மேலே உள்ள உரையாடலில் முக்கியமான இடம் "விட்டது உறுத்துதா, விட்ட விதமா?" என்பதுதான். குளிர்ந்த முகத்தோடு வரும் மறுப்பு பெரும்பாலும் மொட்டையாக இருக்கும்: "நம்ப முடியலை", "இவ்வளவுதானா?", "போன ஆள் இதைவிட நல்லாச் சொன்னார்". இவற்றுக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் எதைப் பற்றிப் பேசுகிறார் என்றே தெரியாது. எந்த இடம் என்று கேட்டு வாங்குங்கள். சொன்னால் உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. சொல்லாவிட்டால் அது வெறும் அழுத்தம், "புரியுது சார்" என்று சொல்லிவிட்டு நிறுத்தலாம்.

நிற்பதா மாற்றுவதா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று. அவர் புதிதாக ஒரு தகவலோ காரணமோ கொடுத்தாரா? கொடுத்திருந்தால் யோசித்து, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்: "அதை நான் கணக்குல எடுக்கலை, நீங்க சொல்றது சரி." இது பலவீனம் ஆகாது. ஆனால் அவர் முகத்தை மட்டும் கடுமையாக்கினார், அதே கேள்வியைச் சத்தமாக மறுபடி கேட்டார் என்றால் உங்கள் பதிலும் அதேதான், இன்னும் சுருக்கமாக. முகத்துக்காகப் பதிலை மாற்றுபவரை அடுத்த நாள் வாடிக்கையாளரும் முகத்தைக் காட்டியே மாற்றிவிடுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

கேள்வி உங்களைப் பற்றிய உண்மையைத் தொட்டால் மட்டும் நிற்க முயலாதீர்கள், ஒப்புக்கொள்ளுங்கள். இதற்கு நல்ல உதாரணம் ஒரு பழைய இன்டர்வியூ. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தித் திட்டத்தை நடத்திய ஹைமன் ரிக்கோவர் ஆள் எடுக்கும் விதத்துக்குப் பேர்போனவர். நாற்காலியின் முன்கால்களைக் குட்டையாக்கி வைத்து, வந்தவர் வழுக்கிக்கொண்டே உட்காரும்படி செய்தவர். 1952இல் அவர் முன்னால் போய் உட்கார்ந்தவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர். எந்த விஷயத்தைப் பேசலாம் என்று கார்ட்டரையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றிலும் கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போய், இவருக்கு அதில் அதிகம் தெரியாது என்று காட்டினாராம். இரண்டு மணி நேரத்துக்கு மேல், கண்ணையே பார்த்துக்கொண்டு, ஒருமுறைகூடச் சிரிக்காமல். கடைசியில் கடற்படை அகாடமியில் எத்தனையாவது இடம் என்று கேட்டார். 820 பேரில் 59ஆவது என்று கார்ட்டர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தார். வந்தது இன்னொரு கேள்வி: முடிந்த அளவு முழுமையாக உழைத்தாயா? ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவர் யோசித்துவிட்டு, எப்போதும் அப்படி உழைக்கவில்லை என்றார். ரிக்கோவர் நீண்ட நேரம் பார்த்தார், நாற்காலியைத் திருப்பிக்கொண்டார், ஏன் இல்லை என்று மட்டும் கேட்டார். கார்ட்டரிடம் அதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வெளியே போனார். வேலை கிடைத்தது.

அவர் அந்தக் கடைசி மௌனத்தில் ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். விளையாட்டில் இருந்தேன், உடம்பு சரியில்லை, இப்படி எதையாவது. சொல்லவில்லை என்பதுதான் நான் கவனித்த விஷயம்.

எல்லாவற்றையும் பொறுக்க வேண்டியதில்லை

கடுமை என்பது உங்கள் வேலையைப் பற்றி, பதிலைப் பற்றி, ரெஸ்யூமேயைப் பற்றி இருக்கும்வரை அது இன்டர்வியூ. உருவத்தைப் பற்றி, பிறப்பைப் பற்றி, எப்போது கல்யாணம், எப்போது குழந்தை என்று போனால் அதற்கு ஸ்ட்ரெஸ் இன்டர்வியூ என்ற பெயர் பொருந்தாது. "இது இந்த வேலைக்கு எப்படித் தொடர்பு சார்?" என்று அதே நிதானமான குரலில் ஒருமுறை கேளுங்கள். தொடர்பைச் சொன்னால் சரி. தொடர்ந்தால் "இதுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை" என்று நிறுத்தலாம், எழுந்தும் வரலாம். அந்த ஆள் மேலதிகாரியாக வந்தால் எப்படி இருக்கும் என்பதை அவரே இலவசமாகக் காட்டிவிட்டார்.

வீடியோ இன்டர்வியூவில் இன்னொரு தொல்லை. அங்கே மௌனம் என்பது பாதி நேரம் இணைப்புக் கோளாறு, அல்லது அவர் மைக்கை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். முதல் மூச்சிலேயே அவர் உதடு அசைகிறதா, கண் இமைக்கிறதா என்று பாருங்கள். திரை உறைந்திருந்தால் "என் குரல் கேட்குதா சார்?" என்று கேட்பதில் தவறே இல்லை. உறையவில்லை, இமைக்கிறார், பேசவில்லை என்றால் மேலே சொன்ன இரண்டு மூச்சுதான்.

பயிற்சி: மூன்று மாலை போதும்

கண்ணாடி முன்னால் பேசிப் பார்ப்பதில் இதற்குப் பயன் இல்லை, கண்ணாடியில் உங்கள் முகம் உங்களுக்கு எதிராகப் போகாது. ஒரு ஆள் வேண்டும். நண்பரையோ அண்ணனையோ உட்கார வைத்து, ஒரு கேள்வி கேட்கச் சொல்லி, நீங்கள் பதில் முடித்ததும் அவர் மனதுக்குள் இருபதுவரை எண்ண வேண்டும், முகம் மாறாமல், என்று சொல்லுங்கள். முதல் இரண்டு முறை இரண்டு பேருமே சிரித்துவிடுவீர்கள். பரவாயில்லை, மூன்றாவது முறை சிரிப்பு வராது.

ஃபோனில் குரலைப் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது பதில் எப்படி இருந்தது என்று பார்க்காதீர்கள். பதில் முடிந்த இடத்துக்குப் பிறகு நீங்கள் எத்தனை வாக்கியம் சேர்த்தீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். முதல் மாலை ஆறேழு இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குப் பதினொன்று இருந்தது, அதில் நாலு "அதாவது". மூன்றாவது மாலை ஒன்றுக்கு வந்துவிட்டால், அதுவும் அந்த விரிவாக்கக் கேள்வியாக இருந்தால், போதும். பதற்றம் போயிருக்காது, அது இருக்கும். வாய் மட்டும் அதற்குக் கீழ்ப்படியாமல் இருக்கப் பழகியிருக்கும்.

கடைசியாக ஒன்று, இன்டர்வியூ முடிந்து வெளியே வந்த பிறகு. அழுத்தத்தால் சுரக்கும் கார்டிசால் உடனே இறங்குவதில்லை, அறையை விட்டு வந்து பத்து இருபது நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். அதனால் வெளியே வந்து நடக்கும்போதுதான் "எல்லாம் போச்சு" என்று மிக உறுதியாகத் தோன்றும். அந்த நேரத்தில் ஃபோனை எடுத்து "நான் சொன்னதைக் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன்" என்று அவர்களுக்கு நீளமாக மெயில் தட்டாதீர்கள், அதுவும் அதே "அதாவது சார்"தான், எழுத்தில். வீட்டுக்குப் போய், கேட்ட கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குங்கள். நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புவதென்றால் மறுநாள் காலை அனுப்பலாம்.